52 கிராம் புராஸ்டேட்

ஏதோ ஒரு காரணத்துக்காக வயிற்று ஸ்கேன் எடுத்திருப்பார்கள். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, எடை 52 கிராம்' என்று எழுதியிருக்கும். இயல்பான எடை 20 கிராம் சுற்றுவட்டத்தில்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்று முதல் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. இரண்டரை மடங்கு வீக்கம் என்றால் புற்றுநோயா, ஆபரேஷனா என்று கேள்விகள் கிளம்பும்.

அந்த 52 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த சிறுநீரியல் மருத்துவரும் சிகிச்சை தொடங்க மாட்டார். 30 கிராம் சுரப்பியோடு இரவெல்லாம் தவிக்கிறவர்கள் உண்டு. 90 கிராம் சுரப்பியை வைத்துக்கொண்டு தாராளமாகச் சிறுநீர் கழிக்கிறவர்களும் உண்டு. ஏன் அப்படி என்பதற்கு அந்தச் சுரப்பி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

சிறுநீர்ப்பை முடிந்து சிறுநீர்க்குழாய் தொடங்கும் இடத்தில், குழாயைச் சுற்றி வளைத்தபடி புராஸ்டேட் இருக்கிறது. விந்தோடு சேரும் திரவத்தில் ஒரு பகுதியைச் சுரப்பதுதான் அதன் வேலை. 40 வயதைத் தாண்டிய பிறகு, குழாயை ஒட்டியிருக்கும் உள்பகுதி மெல்ல வளரத் தொடங்கும். 60 வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 80 வயதுக்கு மேல் பெரும்பாலானவர்களுக்கும் இந்த வளர்ச்சி இருக்கும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தனியாகத் தோன்றுவது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்பதால்தான் அதையும் சேர்த்துத் தேடுகிறார்கள்.

உள்பகுதி வெளிப்பக்கமாக விரிந்தால் குழாய்க்குத் தொந்தரவு இல்லை. உள்பக்கமாக அழுத்தினாலோ, நடு மடல் ஒன்று சிறுநீர்ப்பைக்குள் எட்டிப் பார்த்தாலோ, சிறிய வளர்ச்சியே வழியை அடைத்துவிடும். இதோடு இன்னொன்றும் இருக்கிறது. புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் தசை இழைகள் இருக்கின்றன. அவை இறுகியே இருந்தால் அளவு எவ்வளவானாலும் நீர் போக்கு மெலிந்துவிடும். ஆக, சதை வளர்ந்து அடைப்பது ஒன்று, தசை இறுகி அடைப்பது மற்றொன்று. மருந்துகள் இரண்டு வகையாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

68 வயதான ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையான ஒரு நோயாளி அல்ல இவர். மருத்துவமனைகளில் அன்றாடம் பார்க்கும் பலரைச் சேர்த்துக் கற்பனையாக உருவாக்கியவர்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டுகிறார். மருத்துவர் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறார்.

"ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க ஐயா?"

"ரெண்டு மூணு தடவை இருக்கும் சார்."

"எங்க ரெண்டு மூணு? நாலு தடவை பாத்ரூம் லைட் எரியுது டாக்டர்," என்கிறார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி.

இந்த நோயில் மனைவியின் சாட்சியம் பல பரிசோதனைகளைவிட மேலானது. ஆண்கள் குறைத்துத்தான் சொல்வார்கள். வயசானால் இப்படித்தான் என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து ஒரு கேள்வித்தாள். உலகம் முழுக்கப் பயன்படும் இதில் 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கழித்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா, 2 மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, முட்டிக்கொண்டு வந்தால் அடக்க முடியவில்லையா, போக்கு மெலிந்துவிட்டதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பவைதான் அந்த ஏழும். கூட்டுத்தொகை 7 வரை இருந்தால் லேசான தொந்தரவு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-க்கு மேல் கடுமை. நம் ஆசிரியருக்கு 19 வருகிறது. எட்டாவதாக ஒரு கேள்வி தனியே நிற்கும்: மிச்ச வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என் கணக்கில் இதுதான் தாளிலேயே முக்கியமான கேள்வி. முதல் ஏழில் 12 வாங்கியவர் இதற்கு 'பரவாயில்லை, சமாளிப்பேன்' என்றால் அவருக்கு மருந்தே வேண்டியதில்லை. மாலையில் காபி, தேநீரைக் குறைத்து, வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். ஆசிரியர் 'ரொம்பக் கஷ்டம்தான்' என்கிறார். அதனால் மேலே பார்க்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர் வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்து அனுப்புகிறார். 3 நாட்களுக்கு, ஒவ்வொரு முறையும் அளவுக் குவளையில் சிறுநீர் கழித்து, நேரத்தையும் அளவையும் நோட்டில் குறிக்க வேண்டும். செலவில்லாத பரிசோதனை, ஆனால் பலர் செய்யாமல் வந்துவிடுவார்கள். நம்மவர் ஆசிரியராயிற்றே, கோடு போட்டு எழுதி வந்திருக்கிறார். ஒரு நாளின் மொத்த அளவு 1,800 மில்லி. படுத்த பிறகு கழித்த நான்கு முறையும், காலையில் எழுந்ததும் கழித்ததும் சேர்த்து 820 மில்லி. அதாவது நாள் முழுவதும் வந்த நீரில் பாதிக்குச் சற்றே குறைவானது இரவிலேயே வந்திருக்கிறது. முதியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அது அதிகம்.

இதற்குப் பொருள், இரவில் சிறுநீரகம் கூடுதலாக நீரைப் பிரிக்கிறது என்பது. அதில் புராஸ்டேட்டுக்குச் சம்பந்தம் இல்லை, புராஸ்டேட் மாத்திரையால் அது குறையப் போவதும் இல்லை. பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராக இறங்கும். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கத்தைத் தரும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையைச் சாயங்காலம் சாப்பிடுகிறவர்களுக்கும், தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு விட்டு விட்டு வருபவர்களுக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கும் இப்படி ஆகும். ஆசிரியருக்குக் கணுக்காலில் லேசான வீக்கம் இருக்கிறது. கூடவே, மூட்டுவலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் படுக்கும் முன் இரண்டு செம்பு தண்ணீர் குடிக்கும் பழக்கமும் இருக்கிறது. நாலு தடவை எழுந்திருப்பதில் பாதிப் பழி இங்கே தீர்ந்துவிடுகிறது.

மிச்சப் பழி யாருடையது என்று பார்க்கத்தான் பரிசோதனைகள். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித்தொற்றும் ரத்தமும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. சர்க்கரை ஏறியிருந்தாலும் அடிக்கடி போகத்தான் வேண்டியிருக்கும். கிரியாட்டினின், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். பிறகு மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்ப்பார். இதற்குக் கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவர்கள் அதிகம். அரை நிமிட வேலை அது. சாதாரண வீக்கம் மூக்கு நுனியைப் போல மிருதுவாக, வழவழப்பாக இருக்கும். எங்காவது கல் மாதிரிக் கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அது தெரியாமலே போகலாம்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு. 4-க்குள் இருக்க வேண்டும் என்று ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும். அது கோடு போட்டுப் பிரித்த எல்லை அல்ல. சாதாரண வீக்கத்திலும் ஏறும், கிருமித்தொற்றில் தாறுமாறாக ஏறும், சிறுநீர் அடைத்து டியூப் போட்ட நாட்களிலும் ஏறும். அப்படிப்பட்ட சமயத்தில் எடுத்து 18 என்று வந்தால் பயந்து பயனில்லை. தொற்று ஆறி 6 வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உண்மை தெரியும். ஆசிரியருக்கு 2.9. விரலிலும் வழவழப்பாகவே இருக்கிறது.

இப்போது கவிழ்த்து வைத்த ஸ்கேனைத் திருப்பலாம். 52 கிராமுக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: சிறுநீர் கழித்த பிறகு பையில் மிச்சம் 180 மில்லி. இந்த வரிதான் எடையைவிட முக்கியம். பை தன்னைக் காலி செய்ய முடிகிறதா இல்லையா என்பதை அதுதான் காட்டுகிறது. ஆனால் அந்த 180-ஐயும் அப்படியே நம்பிவிட முடியாது. ஸ்கேன் மையத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, முறை வரும்வரை உட்கார வைத்து, பை வெடிக்கிற நிலையில் படம் எடுப்பார்கள். அவ்வளவு நீட்டிய பை ஒரே மூச்சில் சுருங்காது. இளைஞருக்கே மிச்சம் இருக்கும். சாதாரணமாக முட்டும்போது போய்க் கழித்துவிட்டு உடனே பார்த்தால்தான் சரியான கணக்கு வரும். ஆசிரியருக்கு மறுபடி பார்த்தபோது மிச்சம் 60 மில்லிதான். அந்த முதல் எண்ணை வைத்தே டியூப், ஆபரேஷன் என்று பேச்சு நகர்ந்திருக்கலாம்.

நீர் போக்கின் வேகத்தை அளக்க ஒரு கருவி இருக்கிறது. புனல் மாதிரி ஒன்றில் கழித்தால் வரைபடம் வரும். குறைந்தது 150 மில்லியாவது கழித்திருந்தால்தான் அந்த அளவை மதிக்கலாம். உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 10-க்குக் கீழே என்றால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆசிரியருக்கு 9. இந்தக் கருவிக்கும் ஒரு குறை உண்டு. வழி அடைத்திருந்தாலும் வேகம் குறையும், பையின் தசை சோர்ந்திருந்தாலும் வேகம் குறையும். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் பக்கவாதம், நடுக்குவாத நோய் உள்ளவர்களுக்கும் இரண்டாவது நிலைமை இருக்கலாம். அவர்களுக்குப் பையின் அழுத்தத்தையும் சேர்த்து அளக்கும் விரிவான பரிசோதனை தேவைப்படும். அது தெரியாமல் புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்தால், வழி அகலமாகியிருக்கும், தள்ள ஆள் இருக்காது.

ஆசிரியரின் நிலைமை தெளிவாகிவிட்டது. அடைப்பு இருக்கிறது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை, இரவுத் தொந்தரவில் ஒரு பங்கு கால் வீக்கத்தாலும் தண்ணீராலும் வருகிறது. மருந்து போதும்.

முதலில் தருவது இறுகிய தசையைத் தளர்த்தும் மாத்திரை. டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், ஆல்ஃபுசோசின் 10 மில்லிகிராம், சைலோடோசின் 8 மில்லிகிராம் ஆகியவை இந்தக் குடும்பம். சில நாட்களிலேயே போக்கு மாறுவது தெரியும், முழுப் பலனை மதிப்பிட ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள். சுரப்பியின் அளவை இது ஒரு கிராம்கூடக் குறைக்காது. மாத்திரை சாப்பிட்டு மறு ஸ்கேன் எடுத்து, 'இன்னும் 52-லேயே நிக்குதே' என்று வருத்தப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் இதே தசை இருப்பதால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். இரவில் அவசரமாக எழுந்து, விழுந்து, இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. அதனால் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். உடலுறவின்போது விந்து வெளியே வராமல் போகலாம், சைலோடோசினில் இது அதிகம். விந்து பின்னோக்கிப் பைக்குள் போய்விடுகிறது அல்லது வெளியேறாமல் நின்றுவிடுகிறது. ஆபத்தில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆண்மை போய்விட்டது என்று நினைத்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இந்த வயதுக்காரர்கள் கண்புரை அறுவைக்கும் போகிறவர்கள். இந்த மாத்திரை, குறிப்பாக டாம்சுலோசின், கண்ணின் கருவிழித்திரையைத் தொய்ய வைத்து அறுவையின் நடுவே சிக்கல் தரும் என்று 2005-இல் கண்டறிந்தார்கள். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் அந்தத் தொய்வு இருக்கலாம். கண் மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிட்டால் தக்க ஏற்பாட்டோடு செய்துவிடுவார். 'யூரின் மாத்திரைதானே, கண்ணுக்கு எதுக்குச் சொல்லணும்' என்று விட்டுவிடுவதுதான் வம்பு.

இரண்டாவது வகை சதையைச் சுருக்குவது. இதன் பின்னணி கரீபிய நாடான டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் இருக்கிறது. அங்கே சில குழந்தைகள் பெண் போன்ற தோற்றத்தில் பிறந்து, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். ஜூலியானே இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் 1974-இல் காரணத்தை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டி.எச்.டி. என்ற ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்கள் உடலில் குறைவு. பெரியவர்களான பிறகும் அவர்களின் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. அப்படியானால் அந்த நொதியை மருந்தால் தடுத்தால் முதியவர்களின் புராஸ்டேட்டும் சுருங்கும் அல்லவா? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ஃபினாஸ்டெரைடு. 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறகு வந்தது டூட்டாஸ்டெரைடு.

இது பொறுமைசாலிகளின் மருந்து. 6 மாதம் முதல் ஒரு வருடத்தில் சுரப்பி ஏறக்குறைய கால் பங்கு சுருங்கும். நிறுத்தினால் மறுபடி வளரும். சிறிய சுரப்பியில் இதற்கு வேலையே இல்லை. 30, 40 கிராமுக்கு மேல் இருந்தால்தான் கொடுப்பதில் பொருள் உண்டு. கடைகளில் இரண்டு மருந்தும் சேர்ந்த கேப்ஸ்யூல் கிடைப்பதால், 25 கிராம்காரருக்கும் அதையே எழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அவருக்கு அதில் பாதி வீண், பக்கவிளைவு மட்டும் மிச்சம். ஆசை குறைவது, விறைப்புக் குறைவது, சிலருக்கு மார்பு பெருத்து வலிப்பது ஆகியவை அந்தப் பக்கவிளைவுகள். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையையும் ஒழுகும் கேப்ஸ்யூலையும் தொடக் கூடாது, கருவில் இருக்கும் ஆண் குழந்தையைப் பாதிக்கும்.

பெரிய சுரப்பி உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் பலன் உண்டு என்பது நன்கு நிறுவப்பட்டது. 3,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தனித்தனியாகக் கொடுத்ததைவிட இரண்டும் சேர்ந்தபோது நோய் முற்றுவது வெகுவாகக் குறைந்தது. ஆசிரியருக்கு 52 கிராம் என்பதால் அவரும் இரண்டுக்கும் தகுதியானவர்தான். ஸ்கேனில் வந்த எண்ணுக்கு உண்மையான உபயோகம் இங்கேதான் வருகிறது. அம்லோடிபினை மாற்றுவது பற்றி அவருடைய பொது மருத்துவருக்கு ஒரு கடிதமும் போகிறது. 3 மாதம் கழித்து மதிப்பெண் 19-லிருந்து 10, இரவில் எழுவது 2 முறை.

6 மாதத்தில் அவருடைய பி.எஸ்.ஏ. 1.4. இரண்டாவது வகை மருந்து பி.எஸ்.ஏ.-வைப் பாதியாக்கிவிடும். எனவே ஆய்வகத் தாளில் வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து அதே ஆசிரியருக்கு 2.4 வருகிறது என்று வையுங்கள். தாளில் '4-க்குள், இயல்பு' என்றே இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 4.8. அதைவிட, 1.4 வரை இறங்கியது மறுபடி ஏறியிருக்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் இப்படி ஏறினால் விட்டுவிடக் கூடாது. மறுபடி எடுத்துப் பார்த்து, உறுதியானால் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை. தலைமுடி உதிர்வுக்குச் சாப்பிடும் சிறிய அளவு ஃபினாஸ்டெரைடும் இதே வேலையைச் செய்யும். அதைச் சாப்பிடுகிற 50 வயதுக்காரர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

வேறு இரண்டு மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விறைப்புக் குறைவும் சேர்ந்தே இருப்பவருக்கு தினமும் 5 மில்லிகிராம் டடாலஃபில் இரண்டுக்கும் உதவும். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உபயோகிப்பவர் இதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். போக்கு சரியாகியும் அடக்க முடியாத அவசரம் தீரவில்லை என்றால் பையை அமைதிப்படுத்தும் சாலிஃபெனாசின், மிராபெக்ரான் போன்றவை உண்டு. மிச்சம் அதிகமாக நிற்பவருக்கு இவற்றைக் கொடுத்தால் இருப்பதும் அடைத்துக்கொள்ளும்.

அடைத்துக்கொள்வதற்கு இன்னொரு சாதாரணக் காரணம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை. அதில் மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎஃபெட்ரின் போன்ற மருந்து, சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும். கூடவே இருக்கும் குளோர்ஃபெனிரமைன் பையின் சுருங்கும் வலுவைக் குறைக்கும். மழைக்காலத்தில் இரண்டு நாள் சளி மாத்திரை சாப்பிட்டவர், மூன்றாம் நாள் அடிவயிறு கல்லாகி, சொட்டுக்கூட வராமல் துடித்துக்கொண்டு வருவார். அப்போது தண்ணீர் குடித்துப் பார்க்கலாம், நெருஞ்சில் கஷாயம் வைக்கலாம் என்று நேரம் கடத்தக் கூடாது. பை இன்னும் நிரம்பத்தான் செய்யும். மருத்துவமனையில் டியூப் போட்டு நீரை எடுத்துவிட்டு, தசை தளர்த்தும் மாத்திரையைத் தொடங்கி, 2, 3 நாள் கழித்து டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். பலருக்குத் தானாகவே வந்துவிடும்.

வலிக்காமல் அடைப்பது இதைவிட மோசம். பை மாதக்கணக்கில் நீண்டு நீண்டு, நிரம்பி வழியும் நீர்தான் சொட்டிக்கொண்டிருக்கும். முதியவர் திடீரென்று இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால், மூளை மங்குகிறது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். அடிவயிற்றைத் தொட்டால் மேடாக இருக்கும், கிரியாட்டினின் ஏறியிருக்கும். அங்கே மாத்திரையால் பிரயோஜனமில்லை. முதலில் டியூப், பிறகு அறுவை.

டியூபை எடுத்தும் சிறுநீர் வராமல் போவது, திரும்பத் திரும்பத் தொற்று, பையில் கல், நிற்காத ரத்தப்போக்கு, மருந்துக்கு அடங்காத தொந்தரவு என்றாலும் அறுவைதான். வெளியே கத்தி படாமல், சிறுநீர்க்குழாய் வழியாகவே கருவியை நுழைத்து, முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, வளர்ந்த உள்பகுதியை மின்சாரக் கம்பி வளையத்தால் சீவி எடுப்பார்கள். மிகப் பெரிய சுரப்பிக்கு லேசர் முறை வசதியானது. இரண்டிலும் எடுப்பது உள்பகுதியை மட்டும்தான். வெளிப்பகுதி அப்படியே இருக்கும். 'புராஸ்டேட்டைத்தான் எடுத்தாச்சே, இனி பி.எஸ்.ஏ. எதற்கு' என்று கேட்கிறவருக்கு, புற்றுநோய் வரும் பகுதி இன்னும் அவரிடமே இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.